கோடு தெரியாமல் நரையை வளர்ப்பது எப்படி? லேயர் கட், மெல்லிய ஹைலைட்ஸ்: முழுமையான வழிகாட்டி

பல வருஷமாகக் கருப்பு டை போட்டுக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தியதும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஒரு கோடு. வேரில் வெள்ளை, அதற்குக் கீழே அட்டைக் கருப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நேர்கோடு. இரண்டாவது மாதத்தில் அந்தக் கோட்டைப் பொறுக்க முடியாமல்தான் பெரும்பாலானவர்கள் மறுபடி டை பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். ஆகவே இந்த வேலை முழுவதும் அந்தக் கோட்டைக் கலைக்கிற வேலைதான். வெள்ளை முடியை நாம் தொடப்போவதே இல்லை. அதற்குக் கீழே இருக்கும் டை போட்ட கருப்பை இழை இழையாக வெளுத்து, வெள்ளையோடு சேர வைக்கிறோம்.

வேலூரில் பார்லர் வைத்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். கத்தரி பிடிக்கும் பெண்ணுக்கும், நாற்காலியில் உட்காருபவருக்கும் சேர்த்தே இது. உட்காருபவருக்கு வரிசை தெரிந்திருந்தால், தப்பான படியில் "வேணாம்மா, நிறுத்து" என்று சொல்ல முடியும்.

நெடுக ஒரே ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காட்பாடிப் பக்கம் பள்ளி ஆசிரியை, ஐம்பதைத் தாண்டியவர். முதுகின் நடுவரை முடி. பன்னிரண்டு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை கருப்பு க்ரீம் டை. அவர் கேட்டது இதுதான்: "வெள்ளைய மறச்சிகினே எத்தினி நாளைக்கும்மா ஓடறது? ஆனா கிளாஸ்ல பசங்க முன்னாடி பாதி வெள்ள பாதி கருப்பா நிக்க முடியாது."

1. முடியில் இதுவரை என்னென்ன ஏறியிருக்கிறது என்று கேளுங்கள்

கத்தரியை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. கடைசி மூன்று, நான்கு வருஷத்தில் தலையில் போட்ட எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதுகு நடுவரை முடி உள்ளவரின் நுனி நான்கு வருஷப் பழசு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் வரைதான் வளரும். அப்போது போட்டது இன்னும் அந்த நுனியில் இருக்கிறது.

"டை மட்டும்தான்" என்ற பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். க்ரீம் டையா, பத்து ரூபாய் பாக்கெட் ஷாம்பு டையா, தண்ணீரில் கலக்கும் கருப்பு மருதாணிப் பவுடரா, தினமும் எண்ணெய் மாதிரித் தடவி மெல்லக் கருக்க வைக்கும் திரவமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். க்ரீம் டை என்றால் ப்ளீச் ஓரளவு எடுக்கும். வெறும் மருதாணி மேல் ப்ளீச் போட்டால் ஆரஞ்சில் வந்து நின்றுவிடும். மெல்லக் கருக்க வைக்கும் திரவங்களிலும் சில கலப்பட மருதாணிப் பவுடர்களிலும் உலோக உப்பு இருக்கலாம். அதன் மேல் ப்ளீச் பட்டால் சூடேறும், புகையும், முடி அறுந்து கையோடு வரும்.

கேட்டால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும். காதுக்குப் பின்னாலிருந்து இருபது முடி அளவுக்கு ஒரு சின்னக் கொத்து வெட்டி நூலால் கட்டுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மில்லி 20 வால்யூம் டெவலப்பர், அதாவது ப்ளீச் பவுடரில் கலக்கும் பெராக்சைடு திரவம், அதில் 20 சொட்டு அம்மோனியா. ஜன்னலைத் திறந்து வைத்து, கொத்தை அதில் 30 நிமிஷம் போட்டு வையுங்கள். கிண்ணம் சுட ஆரம்பித்தாலோ, நுரைத்துப் பொங்கினாலோ, கெட்ட வாடை வந்தாலோ, போட்ட உடனே நிறம் மாறினாலோ அந்தத் தலையில் ப்ளீச் கிடையாது. அம்மோனியா கையில் இல்லையென்றால், போடப்போகும் ப்ளீச் கலவையையே கொத்தில் தடவிப் பார்க்கலாம். எப்படியானாலும் அந்த ப்ளீச் சோதனையையும் ஒருமுறை செய்துவிடுங்கள். 30 நிமிஷத்தில் இந்த முடி எந்த நிறம்வரை வருகிறது என்பது அதில்தான் தெரியும்.

அதே கொத்தை ஈரத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பினால் நல்லது. ஜவ்வாக நீண்டுகொண்டே போய் அறுந்தால் ஹைலைட்ஸைத் தள்ளிப்போட்டு, வெட்டை மட்டும் வைத்து நடத்த வேண்டும்.

ஆசிரியையின் கொத்து சோதனையில் சுடவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வேர்ப்பக்கம் அரை மணியில் தேன் நிறத்துக்கு வந்தபோது நுனிப்பக்கம் செங்கல் நிறத்திலேயே நின்றது. ஒவ்வொரு முறையும் டையை வேர் முதல் நுனிவரை இழுத்துப் பூசியதால் நுனியில் அடுக்கடுக்காகக் கருப்பு ஏறியிருந்தது. அந்த நுனியோடு ப்ளீச்சில் போராடுவதைவிட வெட்டிவிடுவதே சரி. இந்த ஒரு சோதனைதான் அவருடைய முழுத் திட்டத்தையும் முடிவு செய்தது.

2. டையை நிறுத்தி மூன்று சென்டிமீட்டர் வளர விடுங்கள்

நிறுத்திய மறு வாரமே ஹைலைட்ஸுக்கு வந்து உட்காருபவர்கள் உண்டு. அப்போது செய்ய ஒன்றும் இல்லை. எங்கே எவ்வளவு நரை என்று வேர் வெளியே வந்தால்தான் தெரியும். பெரும்பாலும் காதோரமும் நெற்றியோரமும் முதலில் வெளுக்கும், அடுத்து உச்சி, கடைசியில் பிடரி. ஆனால் தலைக்குத் தலை இது மாறும். அந்த அமைப்பைப் பார்க்காமல் போடும் ஹைலைட்ஸ், நரை இல்லாத இடத்தில் வெள்ளையைக் கொண்டுவந்து வைத்துவிடும். தவிர, வேரில் இடம் இருந்தால்தான் ப்ளீச்சை மண்டைத் தோலிலும் வெள்ளையிலும் படாமல் நிறுத்த முடியும்.

மூன்று சென்டிமீட்டருக்கு இரண்டரை, மூன்று மாதம் ஆகும். ஆசிரியை என்பதால் சித்திரையில், தேர்வு வேலை முடிந்ததும் நிறுத்தச் சொன்னேன். கோடு மோசமாகத் தெரியும் முதல் வாரங்கள் கோடை விடுமுறையில் கழியும். முதல் ஹைலைட்ஸுக்கு ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை. அவருக்கும் விசேஷம் இல்லை, பார்லரிலும் கூட்டம் இருக்காது. மூன்று மணி நேர வேலையை அவசரமில்லாமல் செய்யலாம்.

இடையில் வெளியே போக வேண்டி வந்தால் இரண்டு வழி. நேர் வகிட்டை விட்டுவிட்டு, சீப்பின் வாலால் வளைத்து வளைத்து வகிடு எடுங்கள். கோட்டை அதிகம் காட்டிக்கொடுப்பது நேர் வகிடுதான். விசேஷத்துக்கு என்றால் வேரில் பூசிக்கொள்ளும் பவுடர் அல்லது ஸ்டிக் போதும். தலைக்குக் குளித்தால் போய்விட வேண்டும். அதுதான் அதைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி ஷாம்பு டை பாக்கெட் ஒன்றைக் கரைத்துப் போடுவதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் பெரிய பிழை. பெயரில் ஷாம்பு என்று இருப்பதால் கழுவினால் போய்விடும் என்று நினைக்கிறார்கள். அதுவும் நிரந்தர டைதான். அன்றோடு மூன்று மாதக் காத்திருப்பு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

3. முதலில் வெட்டு, பிறகுதான் ஹைலைட்ஸ்

வெட்டப்போகும் முடிக்கு ப்ளீச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. அதைவிட முக்கியமான காரணம், வெட்டிய பிறகுதான் முடி எப்படி விழுகிறது, எந்த இழை மேலே வந்து நிற்கிறது என்று தெரியும். ஹைலைட்ஸ் போட வேண்டியது அந்த மேல் இழைகளில்.

எவ்வளவு வெட்டலாம் என்ற பேச்சை நிதானமாக நடத்துங்கள். நம் ஊரில் பெண்களுக்குப் பின்னல் பெரிய விஷயம். ஆசிரியையும், "பூ வைக்கற அளவுக்கு இருக்கட்டும்மா" என்றார். நியாயமான அளவுகோல் அது. மல்லிகைச் சரம் நழுவாமல் நிற்கும் அளவுக்குப் பின்னல் வேண்டும் என்றால், தோளுக்குக் கீழே நான்கு விரற்கடையாவது முடி தேவை. அந்த இடத்தில் நிறுத்தினோம். அதிகக் கருப்பு ஏறிய நுனி முழுதும் அந்த ஒரு வெட்டில் போய்விட்டது.

நீளம் குறைக்க மனமில்லாதவரிடம் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான் வளர்ச்சி. 60 சென்டிமீட்டர் முடியை அப்படியே வைத்துக்கொண்டு டையை முழுக்க வெளியேற்ற நான்கு வருஷம் ஆகும். தோள் நீளத்துக்கு வந்தால் இரண்டு வருஷம். இன்னொரு வழியும் இங்கே சகஜம். திருப்பதி பக்கத்தில்தான் இருக்கிறது. மொட்டை வேண்டுதல் உள்ளவருக்கு இந்த வழிகாட்டியே தேவைப்படாது. வேண்டுதல் இருக்கிறதா என்று நான் முதலிலேயே கேட்டுவிடுவேன். பாதி வேலை முடித்த பிறகு, "அடுத்த மாசம் திருப்பதி போறோம்" என்று சொன்னவர்கள் உண்டு.

வெட்டின் அமைப்பில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கீழ் விளிம்பை ஒரே கோடாக வெட்டக் கூடாது. ஒரே கோடாக வெட்டினால் அடியில் கருப்புப் பட்டையாகத் தெரியும். கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனிகளைக் கொத்திக் கொத்தி வெட்டுங்கள். இரண்டாவது, நீளமான லேயர். முன்பக்கம் கன்னத்து எலும்பு அல்லது தாடை மட்டத்தில் தொடங்கி பின்னால் இறங்கட்டும். நரை அதிகமாக இருக்கும் நெற்றியோர முடி கருப்பின் மேல் வந்து விழுந்து கலக்கும். அடுத்தடுத்த வெட்டுகளில் கருப்பு நுனி சீக்கிரம் தீர்வதும் இந்த லேயர் பகுதியில்தான்.

மூன்றாவதை அழுத்திச் சொல்கிறேன். உச்சிப் பக்கம் தின்னிங் கத்தரி வேண்டாம். நரைமுடி கருப்பு முடியைவிட முரடாக, வளையாமல் நிற்பதுண்டு. தின்னிங் கத்தரி குட்டையாக்கிய வெள்ளை முடிகள் இரண்டு வாரத்தில் தலை முழுதும் குத்திட்டு நிற்கும். அதை அடக்க எண்ணெய், எண்ணெயால் இன்னும் பிசுபிசுப்பு என்று போகும். சுருள் முடி என்றால் காய்ந்த நிலையிலேயே வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டினால் காய்ந்த பிறகு எங்கே ஏறி நிற்கும் என்று சொல்ல முடியாது.

4. முந்தின நாட்கள்: உப்பை எடுப்பது, ஒவ்வாமை பார்ப்பது

நம் பக்கத்து போர் தண்ணீர் எப்படி என்று பக்கெட்டின் உள்விளிம்பைப் பார்த்தாலே தெரியும். வெள்ளையாகப் படிந்திருக்கும் அதே உப்பு முடியிலும் படிகிறது. தண்ணீரில் இரும்பும் செம்பும் இருந்தால் ப்ளீச் அதோடு வினை செய்து சூடேறும், நிறம் திட்டுத் திட்டாக எடுக்கும். எனவே முந்தின நாள், உப்பு நீக்கும் ஷாம்புவால் ஒருமுறை அலச வேண்டும். பாட்டிலின் பின்னால் சேர்மானப் பட்டியலில் EDTA என்று இருந்தால் அந்த வகை. நுரையை மூன்று நிமிஷம் தலையில் விட்டு, கேன் தண்ணீரால் அலசுங்கள். அன்று இரவு சாதாரணத் தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில் மட்டும் லேசாகத் தடவிக்கொள்ளலாம். அது முடிக்குள் இறங்கி, முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். சொட்டச் சொட்ட வேண்டாம்.

ப்ளீச் எடுத்தபின் நிறத்தைச் சரிசெய்யப் பூசும் டோனரில் டையின் உறவுக்கார ரசாயனங்கள் உண்டு. அதனால் 48 மணி நேரத்துக்கு முன்னாலேயே கலந்த டோனரில் ஒரு சொட்டைக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துவிட வேண்டும். அரிப்பு, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் அதைப் போடக் கூடாது. "பன்னெண்டு வருஷமா டை போட்டவதான்" என்பது பாதுகாப்பு இல்லை. பல வருஷம் பழகிய பிறகும் ஒவ்வாமை திடீரென்று தொடங்கும்.

5. ஹைலைட்ஸ் போடும் நாள்

தேவையானவை: முடிக்கான ப்ளீச் பவுடர், 20 வால்யூம் டெவலப்பர், ஃபாயில், வால் சீப்பு, கிளிப், பிரஷ், பிளாஸ்டிக் கிண்ணம், சமையலறைத் தராசு, கையுறை. முகத்துக்குப் போடும் ப்ளீச் இதற்கு ஆகாது. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு. 30, 40 வால்யூம் டெவலப்பரை அலமாரியிலிருந்தே எடுக்காதீர்கள். டை மேல் டை ஏறிய முடியை மெதுவாகத் தூக்கினால்தான் உடையாமல் வரும்.

எவ்வளவு இழை போட வேண்டும் என்பதை நரையே சொல்லும். அந்தந்த இடத்து வேரில் எவ்வளவு வெள்ளை இருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் அங்கே வெளுக்க வேண்டும். ஆசிரியைக்கு நெற்றியோரம் முக்கால்வாசி வெள்ளை, உச்சியில் பாதி, பிடரியில் அங்கங்கே ஒன்று. முன்னால் நெருக்கமாகவும், உச்சியில் இடைவெளி விட்டும், பிடரியில் நான்கே ஃபாயிலும் போட்டோம். புதிதாக வேலை கற்பவர்கள் தலை முழுதும் ஒரே இடைவெளியில் போடுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் நரை வளர வளர முன்பக்கம் போதாமலும் பின்பக்கம் அதிகமாகவும் ஆகிவிடும்.

முடியை நெற்றியிலிருந்து பிடரிக்கும், காதிலிருந்து காதுக்கும் பிரித்து நான்கு பாகமாகக் கிளிப் போடுங்கள். பின்னாலிருந்து தொடங்கி நெற்றியோரத்தைக் கடைசியில் செய்யுங்கள். நெற்றியோர முடி மெல்லியது, சீக்கிரம் வெளுத்துவிடும். முதலில் அங்கே போட்டால் பின்பக்கம் முடிவதற்குள் முன்பக்கம் அளவு மீறிப் போயிருக்கும்.

கலவை: 30 கிராம் பவுடருக்கு 60 மில்லி டெவலப்பர், கெட்டித் தயிர்ப் பதம். ஒழுகினால் வேருக்கு ஓடிவிடும். ஒரே தடவையில் அதிகமாகக் கலக்காதீர்கள். கலந்த அரைமணிக்குப் பிறகு வேகம் குறையும். தீர்ந்ததும் புதிதாகக் கலக்குங்கள்.

இனி இழை எடுப்பது. அரை சென்டிமீட்டருக்கும் குறைவான ஒரு வரிசை முடியைப் பிரித்துப் பிடித்து, வால் சீப்பின் நுனியை ஊசி நூல் கோப்பது போல மேலும் கீழும் ஓட்டுங்கள். மேலே வரும் இழை ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தடிமனாக எடுத்தால் வரிக்குதிரைக் கோடுகளாக நிற்கும். நரை ஒருபோதும் பட்டையாக வருவதில்லை, தனித்தனி முடியாகத்தான் வருகிறது.

எடுத்த இழைகளுக்கு அடியில் ஃபாயில் வையுங்கள். அதன் மேல் விளிம்பு வேரில் இல்லாமல், வெள்ளை முடிந்து கருப்பு தொடங்கும் இடத்தில் இருக்கட்டும். மேலே இருக்கும் வெள்ளையில் கொஞ்சம் சாதாரணக் கண்டிஷனரைத் தடவிவிட்டால் தப்பித்தவறி ப்ளீச் ஏறினாலும் வெள்ளை கெடாது. வெள்ளையில் எடுக்க நிறமே இல்லை. ப்ளீச் பட்டால் சொரசொரப்பும் மஞ்சளும்தான் மிஞ்சும்.

கோட்டைக் கலைக்கும் நுணுக்கம் இதற்கு அடுத்த அசைவில் இருக்கிறது. எல்லா ஃபாயிலிலும் ப்ளீச்சை ஒரே உயரத்தில் தொடங்கினால் பழைய கோட்டுக்குப் பதில் புதுக் கோடு வந்துவிடும். ஒரு ஃபாயிலில் சரியாகக் கருப்பு தொடங்கும் இடத்திலேயே தொடங்குங்கள். அடுத்ததில் இழையைப் பிடித்து, சீப்பால் வேரை நோக்கி இரண்டு முறை பின்வாட்டில் சீவுங்கள். குட்டை முடிகள் மேலே சுருண்டு போகும். கையில் மிஞ்சி நிற்பதில் மட்டும் ப்ளீச் பூசுங்கள். அதைப் பிரிக்கும்போது நிறம் மேலே மெலிந்தும் கீழே அழுத்தமாகவும் இறங்கியிருக்கும். இப்படி மாற்றி மாற்றிப் போனால் கோட்டுக்குத் தொடர்ச்சி இருக்காது. நீளத்தில் முதலில் நன்றாகப் பூசி, மேலே போகப் போக பிரஷில் இருப்பதை மட்டும் துடைத்துவிடுவது போலத் தடவுங்கள்.

6. எப்போது கழுவுவது

முதல் 15 நிமிஷம் விட்டுவிட்டு, பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பாகத்திலும் ஒரு ஃபாயிலைத் திறந்து, ப்ளீச்சைத் துடைத்துப் பாருங்கள். நம் முடி கருப்பிலிருந்து செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, பொன் மஞ்சள் என்றுதான் ஏறும். முதல் முறை பொன் மஞ்சளின் தொடக்கம்வரை வந்தால் போதும். வெளிறிய மஞ்சளுக்கு இழுக்க வேண்டாம். வெள்ளைக்கும் கருப்புக்கும் நடுவே ஒரு இளம்பழுப்பு வேண்டும், அவ்வளவுதான். நடுநிறம் ஒன்று இருந்தாலே கண் கோட்டைத் தேடாது.

பாக்கெட்டில் சொன்ன நேரத்தைத் தாண்டாதீர்கள். நிறம் இன்னும் ஆரஞ்சில் நின்றாலும் கழுவிவிட்டு அடுத்த முறைக்கு விடுங்கள். ஃபாயில் மேல் டிரையர், ஸ்டீமர் எதுவும் வேண்டாம். வேலூர்க் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறை என்றால் ப்ளீச் தானாகவே வேகமெடுக்கும். அந்த மாதங்களில் இதைக் காலை எட்டு மணிக்குத் தொடங்குவது நல்லது. ஃபாயிலுக்குள் கலவை காய்ந்து பவுடராகிவிட்டால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். நேரம் கூட்டுவதால் பயனில்லை.

ஆசிரியைக்குப் பிடரியில் 35 நிமிஷம், நெற்றியோரத்தில் 20. கழுவும்போதும் அந்தந்த ஃபாயிலாகப் பிரித்து எடுத்தோம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துத் தண்ணீரைத் திறந்தால் ப்ளீச் வெள்ளையிலும் மற்றக் கருப்பிலும் ஓடும்.

7. டோனர்

ப்ளீச் எடுத்தபின் முடி பித்தளை மாதிரி தெரியும். இங்கேதான் நாற்காலியில் இருப்பவர் பயந்துபோவார். இது பாதி வேலை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆரஞ்சை அடக்குவது நீலம் கலந்த சாம்பல் டோனர். மஞ்சளை அடக்குவது ஊதா. முடி எந்த நிறத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் டோனரை எடுக்க வேண்டும், எந்த நிறம் ஆசை என்று பார்த்து அல்ல. ஆரஞ்சில் நிற்கும் முடிமேல் வெள்ளி டோனர் போட்டால் வெள்ளி வராது, சேறு மாதிரி மங்கும். முதல் முறைக்குச் சாம்பல் கலந்த இளம்பழுப்புதான் பாதுகாப்பு. 10 வால்யூம் அல்லது அதைவிடக் குறைந்த டெவலப்பரில் கலக்கும் அரைநிரந்தர வகையை எடுங்கள். அது கருப்பு ஏற்றாது, சில வாரத்தில் மெல்லக் கரையும்.

துண்டால் ஒற்றிய ஈர முடியில், வெளுத்த இழைகளில் மட்டும் பூசுங்கள். வேர் வெள்ளையில் பட்டால் ஊதாச் சாயல் ஒட்டும். ஐந்தாவது நிமிஷத்திலிருந்து ஒரு இழையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்பாகக் கழுவுங்கள். பெரும்பாலும் 20 நிமிஷத்துக்கு மேல் போகாது.

8. அடுத்த முறைகள்

பத்திலிருந்து பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆசிரியைக்கு இரண்டாவது முறை தீபாவளிக்கு முன் ஐப்பசியில், மூன்றாவது தையில். ஒவ்வொரு முறையும் ஃபாயில் குறைந்துகொண்டே போக வேண்டும். ஐப்பசியில் நெற்றியோரமும் வகிட்டுப் பக்கமும் மட்டும்தான். தையில் வகிட்டின் இரு பக்கமும் சில இழைகள், மற்றபடி டோனர். ஃபாயில் கூடிக்கொண்டே போனால் நரையை வளர்க்கவில்லை, வெள்ளை நிறம் பூசுகிறோம் என்று அர்த்தம்.

மீறக் கூடாத விதி ஒன்று: ஏற்கெனவே வெளுத்த இழைமேல் மறுபடி ப்ளீச் படக் கூடாது. மீதமிருக்கும் கருப்பிலிருந்து புது இழை எடுங்கள். அதே இழையில் இரண்டாம் முறை பட்டால் அந்த இடத்திலேயே ஒடிந்து, உச்சியில் குட்டை முடிகளாக நிற்கும்.

ஒவ்வொரு முறையும் நுனியில் இரண்டு விரற்கடை வெட்டு. மாதம் ஒன்று, ஒன்றேகால் சென்டிமீட்டர் வளர்வதால் நீளம் ஏறக்குறைய அப்படியே நிற்கும், கருப்பு மட்டும் குறைந்துகொண்டே வரும். ஆசிரியைக்குத் தையிலேயே நேர் வகிடு எடுத்தாலும் கோடு தெரியவில்லை. பத்து சென்டிமீட்டருக்கு மேல் சொந்த முடி, அதற்குக் கீழே பழுப்பும் கருப்பும் கலந்து.

9. வீட்டில் நரையைக் கெடுப்பவை

பார்லரில் சரியாக வந்த நிறம் வீட்டில் ஒரு மாதத்தில் மஞ்சளாகிவிடுகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஷாம்புவைப் பற்றி அல்ல. குங்குமம், மஞ்சள், எண்ணெய் இந்த மூன்றும்தான்.

வகிட்டில் வைக்கும் குங்குமம் கருப்பு முடியில் தெரியாது. வெள்ளையில் இளஞ்சிவப்பாக ஒட்டும், திரவக் குங்குமம் என்றால் எளிதில் போகாது. விரலால் தேய்க்காமல் குச்சியால் தோலில் மட்டும் தொட்டு வையுங்கள். வைப்பதற்கு முன் வகிட்டோர முடியில் துளி வாஸ்லின் தடவினால் ஒட்டாது. முகத்துக்கு மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் நெற்றியோரத்தைத் துணிப்பட்டையால் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை முடியில் மஞ்சள் நன்றாகவே பிடிக்கும். பச்சை, கரும்பச்சை மூலிகை எண்ணெய்களும் சாயம் விடும். நிறமில்லாத தேங்காய் எண்ணெய் போதும். உஷ்ணம் தணிய மருதாணி வைக்கச் சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் வைத்தால் ஒரே நாளில் எல்லாம் ஆரஞ்சு.

ஊதா ஷாம்புவை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் போடாதீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் போதும். அதிகமானால் வெள்ளை ஊதாவாகும். போர் தண்ணீரில் குளித்தால் கடைசி இரண்டு சொம்பு மட்டும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றி அலசுங்கள்.

10. ப்ளீச் போட முடியாத தலைக்கு

முதல் சோதனையில் கிண்ணம் சுட்டதென்றால் வெட்டு மட்டும்தான் வழி. தோள் நீளத்துக்கு இறக்கி, முகத்தோரம் லேயர் கொடுத்து, எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே வாருங்கள். வளைந்த வகிடும், முன்னால் நெற்றியில் பிரிந்து விழும் குட்டை முடியும் முதல் ஆறு மாதத்தைச் சமாளிக்கும். அதன்பிறகு கொண்டை உதவும். கோடு தாடை மட்டத்துக்கு இறங்கிவிட்டால் கருப்பு முழுதும் கொண்டைக்குள் சுருண்டுவிடும். வெளியே தெரிவது வெள்ளை மட்டும்.

மருதாணி மட்டும் போட்டவர்களுக்கு நடுவழி உண்டு. சோதனைக் கொத்து சுடாமல், நிறம் மட்டும் ஆரஞ்சில் நின்றால், நீலம் கலந்த டோனரால் பழுப்புவரை கொண்டுவரலாம். அதற்குமேல் வெளுக்க முயன்றால் முடிதான் போகும். நெற்றியோரத்தில் பத்து, பன்னிரண்டு ஃபாயிலோடு நிறுத்திக்கொண்டு, மீதியை வெட்டுக்கு விடுங்கள்.